செங்கோண முக்கோணத்துக்குள் ஒளிந்திருந்த செவ்வகம்

என் தம்பி மகள் பிரான்சுக்குப் போனபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், கேரளப் பாடத்திட்டத்தின் தமிழ்வழிப் பிரிவில் ஏழாம் வகுப்புவரை படித்தவள். வீட்டில் தமிழ், கடைவீதியில் பாதி மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் ஒரு பாடம் என்று மூன்று மொழிகளில் வளர்ந்த பிள்ளைதானே, நான்காவதாக ஒரு மொழி வந்தால் என்ன என்று தம்பி நினைத்தான். கணக்குக்கு மொழி ஏது என்று நானும் நினைத்தேன். இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்துவிட்டு நான் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

பாரிஸ் புறநகரில் உள்ள பள்ளியில் அவளை வயதுக்கு ஏற்ப 'நான்காவது' என்று அவர்கள் சொல்லும் வகுப்பில் சேர்த்தார்கள். அங்கே வகுப்புகளின் எண் மேலே போகப் போகக் குறையும். ஆறாவது, ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது என்று நடுநிலைப் பள்ளி முடியும். நம் எட்டாம் வகுப்புக்கு ஒப்பானது அந்த நான்காவது. அவள் பதவி இறக்கப்பட்டுவிட்டாள் என்று என் அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது தனிக்கதை. பிரெஞ்சு தெரியாமல் புதிதாக வந்த பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு தனிப் பிரிவு உண்டு. அதில் மொழி கற்றுக்கொண்டே, சில பாடங்களுக்கு மட்டும் வழக்கமான வகுப்பில் போய் உட்காருவார்கள். மொழி அதிகம் வேண்டாத பாடம் என்ற எண்ணத்தில், அவளை முதலில் அனுப்பியது கணக்கு வகுப்புக்குத்தான்.

நான் புதுச்சேரியில் சில ஆண்டுகள் பணியாற்றியபோது மாலை வகுப்பில் கொஞ்சம் பிரெஞ்சு கற்றிருந்தேன். அந்தத் துணிச்சலில், குளிர்காலத்தில் இந்திய நேரம் இரவு ஒன்பதரை மணிக்கு, அவளுக்கு அங்கே மாலை ஐந்து மணியாக இருக்கும்போது, தொலைபேசியில் பாடம் சொல்லத் தொடங்கினேன். முதலில் செய்த வேலை ஒரு பட்டியல் தயாரித்ததுதான். முக்கோணம், வட்டம், ஆரம், பின்னம், மின்சுற்று, அமிலம் என்று முந்நூறு சொற்கள்; இடப்புறம் தமிழ், நடுவில் ஆங்கிலம், வலப்புறம் பிரெஞ்சு. அவள் ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். அதற்குப் பின் வந்த தேர்வில் இருபதுக்கு ஆறு.

அந்த விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒவ்வொரு சிவப்புக் கோடாகப் பார்த்தபோதுதான், பட்டியலில் இருந்த ஒரு சொல்கூட அவளைக் கவிழ்க்கவில்லை என்று தெரிந்தது. கவிழ்த்தவை எல்லாம் தெரிந்த முகத்தோடு வந்த சொற்கள். ஹைப்போதெனியூஸ் போன்ற நீண்ட சொல்லை எந்தப் பிள்ளையும் நின்று கவனிக்கும். ஏற்கெனவே தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லை யாரும் கவனிப்பதில்லை.

முதல் கேள்வி 'த்ரியாங்ல் ரெக்தாங்ல்' பற்றியது. ஆங்கிலத்தில் ரெக்டாங்கிள் என்றால் செவ்வகம் என்று இரண்டாம் வகுப்பிலிருந்தே அவளுக்குத் தெரியும். என் பட்டியலிலும் செவ்வகத்துக்கு நேரே ரெக்தாங்ல் என்றுதான் எழுதியிருந்தேன். ஆகவே முக்கோணமும் செவ்வகமும் சேர்ந்த ஏதோ ஓர் உருவம் என்று எண்ணி, ஒரு செவ்வகம் வரைந்து அதற்குள் குறுக்கே கோடு போட்டு வைத்திருந்தாள். பிரெஞ்சில் அந்தச் சொல் தனியே நின்றால் செவ்வகம்; இன்னொரு உருவத்தின் பெயருக்குப் பின்னால் அடைமொழியாக நின்றால் 'செங்கோணம் கொண்ட' என்று பொருள். 'ரெக்தாங்ல் ஆன் A' என்றால் A என்னும் முனையில் செங்கோணம் இருக்கிறது என்று பொருள். பிரெஞ்சில் அடைமொழி பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும் என்பதை நான் அவளுக்கு இலக்கணமாகச் சொல்லியிருந்தேன். கணக்கில் அதனால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

'த்ருவாத்' என்பதும் இப்படித்தான். அது நேர்கோட்டின் பெயர். வலப்பக்கத்துக்கும் அதே சொல்தான். கடைசி எழுத்து ஒன்று குறைந்து 'த்ருவா' ஆனால் செங்கோணத்தில் வரும் 'செம்மை'. வலப்பக்கமுள்ள கோட்டை வரையச் சொல்கிறார்களோ என்று அவள் ஒரு முறை கேட்டாள். இதற்கெல்லாம் தனிச்சொல் பட்டியல் பயன்படாது என்று முடிவு செய்து, அன்றோடு அந்தப் பட்டியலை மூடி வைத்தோம். அதன்பின் அவள் நோட்டில் எழுதியவை எல்லாம் முழு வாக்கியங்கள்: அவளுடைய பாடப்புத்தகத்திலிருந்தோ ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதிலிருந்தோ எடுத்த வாக்கியம், அதன் கீழே தமிழ், அதன் பக்கத்தில் ஒரு சிறு படம். ஆங்கில நடுவரிசையை எடுத்துவிட்டேன். உதவும் என்று நான் வைத்த அந்த வரிசைதான் பாதித் தவறுகளுக்குக் காரணமாக இருந்தது.

எண்களில் அவளுக்கு இருந்த சிக்கல் இரண்டு அடுக்குகளில் இருந்தது. மேலடுக்கு எளிது: அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. நமது 3.5 அங்கே 3,5. ஆயிரங்களைப் பிரிக்க நாம் காற்புள்ளி போடும் இடத்தில் அவர்கள் சிறு இடைவெளி விடுவார்கள். நமது 12,500 அங்கே 12 500. ஆகவே 1,250 என்று அச்சிட்டிருந்தால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது அல்ல, ஒன்றேகால். கணக்குப் பொறியின் திரையில் மட்டும் பல நேரம் புள்ளியே வரும். அதைத் தாளில் எழுதும்போது காற்புள்ளியாக மாற்ற வேண்டும். இது ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

கீழடுக்கு பழக இரண்டு மாதம் ஆயிற்று. 'திஸேன்' என்றால் பத்துகள். 'திஸியேம்' என்றால் பத்தில் ஒன்று. காதில் விழும்போது வால் மட்டும்தான் வேறு. நூறுக்கும் நூறில் ஒன்றுக்கும் 'சான்தேன்', 'சான்தியேம்' என்று இதே கதை. 47,386 என்ற எண்ணைத் திஸியேமுக்கு முழுமையாக்கு என்றால் விடை 47,4. திஸேனுக்கு முழுமையாக்கு என்றால் விடை 50. அவள் முதலாவதற்கு 50 என்று எழுதியிருந்தாள். தமிழில் 'பத்தில் ஒன்று' என்று விரித்துச் சொல்வதால் நமக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. நான் அவளுக்குக் கொடுத்த பழக்கம் ஒன்றே ஒன்று: வினாவில் 'யேம்' என்று முடியும் சொல் வந்தால், எதையும் செய்வதற்கு முன் காற்புள்ளியின் வலப்பக்கம் ஒரு சிறு அம்புக்குறி போட வேண்டும். வலப்பக்கத்தில் இலக்கமே இல்லாத எண்ணாக இருந்தால் வினாவை மறுபடி படிக்க வேண்டும்.

இதையொட்டி இன்னொன்று. 'ஷிஃப்ர்' என்பது இலக்கம், 'நோம்ப்ர்' என்பது எண். 2 345 என்ற எண்ணில் பத்துகளின் ஷிஃப்ர் எது என்றால் 4. பத்துகளின் நோம்ப்ர் எவ்வளவு என்றால் 234, ஏனென்றால் 2 345-இல் 234 முழுப் பத்துகள் அடங்கியிருக்கின்றன. அவள் இரண்டுக்கும் 4 என்று எழுதி, ஒன்றுக்கு மதிப்பெண் பெற்று, மற்றொன்று ஏன் தவறு என்று ஆசிரியரிடம் கேட்க மொழி இல்லாமல் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். இருபத்து மூன்று நூறு ரூபாய் என்றும் இருநூற்று முப்பத்து நான்கு பத்து ரூபாய்த் தாள்கள் என்றும் நோட்டுக்கட்டு எண்ணும் முறையில் விளக்கினேன். மறு நிமிடம் புரிந்துவிட்டது. கணக்கு அவளுக்கு எப்போதுமே தெரிந்துதான் இருந்தது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது பித்தகோரசு கணக்கைப் பற்றி. ஒரு பிள்ளை கணக்கைச் சரியாகப் போட்டும் எப்படி மதிப்பெண் இழக்க முடியும் என்பதை அதில்தான் கண்டேன். வினா இதுதான்: ABC என்னும் முக்கோணத்தில் AB = 4,5 செ.மீ., AC = 6 செ.மீ., BC = 7,5 செ.மீ. இது செங்கோண முக்கோணமா? அவள் எழுதிய விடை:

BC² = AB² + AC²
7,5² = 4,5² + 6²
56,25 = 20,25 + 36
56,25 = 56,25

ஆம், செங்கோண முக்கோணம் என்று முடித்திருந்தாள். எங்கள் பள்ளியில் நானே இதற்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். அங்கே நான்கில் ஒன்றுதான் கிடைத்தது. ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்ததை நான் அகராதி வைத்துப் படித்தேன்: நிறுவ வேண்டியதையே முதல் வரியில் எழுதிவிட்டாய்.

யோசித்துப் பார்த்தால் ஆசிரியர் சொன்னது நியாயம். இரு பக்கமும் சமம் என்பது தெரியாதபோது, சமக்குறியைப் போட்டுத் தொடங்கினால் அது தெரிந்ததாகிவிடுகிறது. பிரெஞ்சுப் பள்ளிகளில் இதற்கு ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள். முதலில் மிக நீளமான பக்கம் எது என்று சொல்ல வேண்டும். பிறகு 'தூன் பார்', அதாவது 'ஒருபுறம்' என்று எழுதி BC² = 7,5² = 56,25 என்று அதை மட்டும் கணக்கிட வேண்டும். அடுத்த வரியில் 'தோத்ர் பார்', 'மறுபுறம்' என்று எழுதி AB² + AC² = 20,25 + 36 = 56,25 என்று தனியே கணக்கிட வேண்டும். இரண்டும் தனித்தனியே கிடைத்த பிறகுதான் 'தோங்க்', ஆகவே, BC² = AB² + AC² என்று சேர்க்கலாம். கடைசி வரியில் எந்த விதியால் முடிவு கிடைத்தது என்று பெயர் சொல்ல வேண்டும்: பித்தகோரசு தேற்றத்தின் 'ரெசிப்ரோக்' படி, அதாவது மறுதலைப்படி, முக்கோணம் A-இல் செங்கோணம் உடையது. இங்கே தேற்றம் என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் குறையும். செங்கோணத்திலிருந்து சமன்பாட்டுக்குப் போவது தேற்றம், சமன்பாட்டிலிருந்து செங்கோணத்துக்கு வருவது மறுதலை. பக்கங்கள் 5, 6, 8 என்றிருந்தால் ஒருபுறம் 64, மறுபுறம் 61. சமம் இல்லை, ஆகவே செங்கோணம் இல்லை. அந்த இடத்தில் மறுதலையின் பெயரை எழுதக் கூடாது. சமன்பாடு நிறைவேறாததால் என்று சொல்லி முடிக்க வேண்டும்.

இந்த வடிவத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது குறுக்கே வந்தது இரண்டெழுத்துச் சொல் ஒன்று. நிறுவல்கள் அங்கே மூன்று படிகளில் நடக்கும்: 'ஓன் சே க', நமக்குத் தெரிந்தது இது, 'ஓர்', விதி சொல்வது இது, 'தோங்க்', ஆகவே இது. நடுவில் வரும் அந்த 'ஓர்', எழுத்தில் பார்த்தால் ஆங்கிலத்தில் 'அல்லது' என்று பொருள்படும் சொல்லேதான். அவள் மூன்று வாரமாக ஒவ்வொரு நிறுவலையும் 'தெரிந்தது இது, அல்லது விதி இது' என்று படித்து, இரண்டில் ஒன்றை எழுதினால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். தமிழில் இதற்கு 'இனி' என்று வைத்துக்கொண்டோம். தெரிந்தது இது, இனி, விதி இது, ஆகவே இது. அதே போல 'ஏனெனில்' என்பதற்கு அவர்கள் எழுதும் சொல் கண்ணுக்கு ஆங்கிலக் கார்தான். ஒரு வினாவில் எங்கிருந்து வண்டி வந்தது என்று என்னைக் கேட்டாள். சிரித்துவிட்டேன், அவள் சிரிக்கவில்லை.

'சுவா' என்ற சொல் மட்டும் அவளுக்கு உடனே பிடித்துப்போயிற்று. 'சுவா ABC ஒரு முக்கோணம்' என்றால் ABC ஒரு முக்கோணம் என்க. நம் கணக்குப் புத்தகத்தின் பழைய 'என்க' அப்படியே வந்து பொருந்தியது.

அதே விடைத்தாளில் இன்னொரு அரை மதிப்பெண் போன இடம், (AB) = 4,5 செ.மீ. என்று எழுதியது. நாம் எழுத்துகளின் மேல் கோடும் அம்பும் போட்டுக் காட்டுவதை அவர்கள் அடைப்புக்குறியால் காட்டுகிறார்கள். (AB) என்றால் இருபுறமும் முடிவின்றிப் போகும் நேர்கோடு, [AB] என்றால் கோட்டுத்துண்டு, [AB) என்றால் A-இல் தொடங்கிப் போகும் கதிர், குறி ஏதுமில்லாத AB என்றால் நீளம், அதாவது ஓர் எண். சதுர அடைப்பு கதவைச் சாத்துகிறது, வளைந்த அடைப்பு திறந்து விடுகிறது என்று நினைவு வைத்துக்கொண்டாள். முடிவில்லாத கோட்டுக்கு நீளம் 4,5 செ.மீ. என்றால் ஆசிரியர் வெட்டத்தான் செய்வார். இந்தக் குறிகள் அவளுக்குத் தெரியாது என்பதுகூட ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது. அங்குள்ள பிள்ளைகள் அதைச் சிறு வகுப்பிலேயே முடித்துவிட்டு வருகிறார்கள்.

சில இடங்களில் மொழிபெயர்ப்பு சரியாகவே இருந்தும் கருத்து வேறாக இருக்கிறது. 'பொஸிதிஃப்' என்பதை மிகை எண் என்று சொல்லிக் கொடுத்தேன். சுழியம் மிகையும் அல்ல, குறையும் அல்ல என்றுதான் நாம் கற்பிக்கிறோம். பிரெஞ்சு வழக்கில் சுழியம் மிகையும் ஆகும், குறையும் ஆகும். சுழியத்தை விலக்க வேண்டுமென்றால் 'ஸ்த்ரிக்தமாந்', அதாவது 'கண்டிப்பாக' என்ற சொல்லைச் சேர்த்துக் கண்டிப்பான மிகை எண் என்கிறார்கள். இது சரி–தவறு பற்றியதல்ல, வழக்கம் பற்றியது. "அத்தை, இங்க சைபர் ரெண்டு பக்கமும் சேர்ந்துக்குதாம்" என்று அவள் சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. அவள் புத்தகத்தைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டேன். கேரளப் பாடத்தில் படித்ததை மறக்கச் சொல்லவில்லை. எந்தத் தாளில் எழுதுகிறோமோ அந்தத் தாளின் வழக்கத்தில் எழுது என்று மட்டும் சொன்னேன்.

அறிவியலில் ஒரே ஓர் இடத்தைச் சொல்கிறேன். சர்க்கரை நீரில் 'ஃபோந்த்ர்' ஆனது என்று எழுதி மதிப்பெண் இழந்தாள். ஃபோந்த்ர் என்றால் உருகுதல். சர்க்கரை நீரில் உருகுவதில்லை, கரைகிறது. அதற்குச் சொல் 'திஸூத்ர்'. உருகுதலில் ஒரு பொருள் போதும், அதற்கு வெப்பம் வேண்டும், திண்மம் திரவமாகிறது. கரைதலில் இரண்டு பொருள்கள் வேண்டும். இந்த இடத்தில் தவறு அவளுடைய வகுப்புத் தோழிகளிடமிருந்து வந்தது. பேச்சுப் பிரெஞ்சில் காப்பியில் போட்ட சர்க்கரை உருகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்களாம். நாமும் அப்படித்தான், ஐஸ் கரைந்துவிட்டது என்று சொல்லாத வீடு எங்கள் ஊரில் இல்லை. ஆக, அவள் கேட்டுக் கற்ற பிரெஞ்சும், வீட்டுத் தமிழும் ஒரே இடத்தில் வழுக்கின.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைச் சமையலறைத் தராசை எடுக்கச் சொன்னேன். குவளையை வைத்துச் சுழியமாக்கி, 100 கிராம் நீர், அதில் 5 கிராம் சர்க்கரை. கலக்கிய பின்னும் 105 கிராம். சர்க்கரை எங்கும் போகவில்லை. பிறகு ஒரு சிறு வாணலியில் சர்க்கரையை மட்டும் போட்டு அடுப்பில் வைத்து, அவள் அம்மா பக்கத்தில் நிற்க, அது பழுப்பாக இளகுவதைப் பார்த்தாள். நீர் இல்லாமல் நடந்தது ஒன்று, அடுப்பு இல்லாமல் நடந்தது மற்றொன்று. கரைப்பான், கரைபொருள், கரைசல் என்று தமிழில் மூன்றும் ஒரே வேரிலிருந்து வருவதைப் போலவே பிரெஞ்சிலும் 'சோல்வான்', 'சொலுத்தே', 'சொலூசியோன்' ஒரே குடும்பம் என்பதை அவளே கண்டுபிடித்தாள். மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

தேர்வில் வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும் என்று பின்னால்தான் தெரிந்தது. கணக்கிடு என்றால் எண் போதும். 'ஜூஸ்திஃபியே' என்று இருந்தால் காரணம் ஒரு வாக்கியமாவது வேண்டும். 'ஆன் தெத்யூயிர்' என்று இருந்தால் முந்தைய உட்பிரிவின் விடையைப் பயன்படுத்தித்தான் இதைப் பெற வேண்டும். வேறு வழியில் சரியான விடைக்கு வந்தாலும் மதிப்பெண் குறையலாம். அவள் இப்போது வினாத்தாள் கையில் கிடைத்ததும் வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுகிறாள்.

இரண்டாம் பருவத்தில் பதினொன்றும், ஆண்டு முடிவில் பதினான்கும் வாங்கினாள். இன்னும் தீராதது மனக்கணக்கு. ஆசிரியர் எண்களை வாயால் சொல்வார், இவர்கள் சிறு பலகையில் விடையை எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். தொண்ணூற்றேழை அவர்கள் நான்கு-இருபது-பதினேழு என்று சொல்கிறார்கள். எழுபத்தைந்தை அறுபது-பதினைந்து என்கிறார்கள். நான்கு என்று காதில் விழுந்ததுமே அவள் கை 4 எழுதிவிடுகிறது. பிறகு அழித்து 8 ஆக்கி, மறுபடி அழித்து 9 ஆக்குவதற்குள் அடுத்த கணக்கு வந்துவிடுகிறது. எண் முழுதும் முடியும்வரை பேனாவை மேசைமேல் வைத்திரு கண்ணு என்று சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் பாடம் முடிந்ததும் கடைசி ஐந்து நிமிடம் அவள் பிரெஞ்சில் எண் சொல்ல, நான் இங்கே எழுதுகிறேன். நேற்று இருபதில் எனக்குப் பதின்மூன்று.